டிஸ்க் கையில் இருக்கிறது, கேம் எங்கே போனது?

வாசகர் கடிதம்

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 27. 2019-ல் கும்பகோணத்தில் ஒரு கடையில் 2,499 ரூபாய் கொடுத்து பிஎஸ்4 கன்சோலுக்கு ஒரு கார் ரேஸ் கேம் டிஸ்க் வாங்கினேன். நானும் தம்பியும் ஆடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. போன அக்டோபரில் தீபாவளி ஆஃபர் என்று காட்டியதால் அதே கேமுக்கு எக்ஸ்ட்ரா பேக் ஒன்றை ஆன்லைன் ஸ்டோரில் 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். சரியாக நாற்பதாவது நாள், சர்வரை மூடப்போகிறோம் என்று மெயில் வந்தது. மார்ச் கடைசியில் மூடிவிட்டார்கள். இப்போது டிஸ்க்கைப் போட்டால் லோகோ வருகிறது, அப்புறம் சர்வருடன் இணைய முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. டிஸ்க் என் கையில் இருக்கும்போது அவர்கள் எப்படி அதை அணைக்க முடியும்? ஸ்டோரில் டிஜிட்டலாக வாங்கிய இன்னொரு கேமும் தேடினால் வரவில்லை. அதுவும் போச்சா? கடைக்காரர் கை விரிக்கிறார். நண்பன் கன்சோலை ஜெயில்பிரேக் செய்து தருகிறேன் என்கிறான். டிஸ்க் வாங்கிய பில்லும் தொலைந்துவிட்டது. கேஸ் போடலாமா என்று கேட்டால், "நாலாயிரம் ரூபாய்க்கு வக்கீலா?" என்று அப்பா சிரிக்கிறார்.

தஞ்சாவூரில் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரின் பதில்

தம்பி, நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தேடினால் வராத அந்த இரண்டாவது கேம் அநேகமாக உங்களிடமேதான் இருக்கிறது. நீங்கள் ஸ்டோரில் தேடியிருக்கிறீர்கள். ஸ்டோர் என்பது விற்கிற இடம், விற்பதை நிறுத்திய பொருள் அங்கே வராது. கன்சோலில் Library-க்குள் போய் Purchased என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் டவுன்லோட் குறி இருந்தால் கேம் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

கடையிலிருந்து ஒரு கேம் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறொருவரின் அனுமதி முடிந்துபோவதுதான். கார் கேம் என்றால் அதில் வரும் ஒவ்வொரு கார் கம்பெனியிடமும், பின்னணியில் ஓடும் ஒவ்வொரு பாட்டுக்காரரிடமும் இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். 2018-ல் வந்த 'ஃபோர்ட்ஸா ஹொரைசன் 4' கேமை 2024 டிசம்பர் 15-ம் தேதி கடையிலிருந்து எடுத்தது இப்படித்தான். அன்றைக்கு முடிந்தது அவர்கள் விற்பதற்கான அனுமதி. அதற்கு முன்னால் வாங்கியவர்கள் திரும்ப டவுன்லோட் செய்யவும் ஆடவும் தடையில்லை.

கடையையே மூடினாலும் பெரும்பாலும் இதே கதைதான். நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோல்களுக்குமான கடையை 2023 மார்ச்சில் மூடியது, ஆனால் ஏற்கெனவே வாங்கியதை இறக்கிக்கொள்ளும் வழியை விட்டுவைத்தது. எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் எந்தக் கம்பெனியும் எழுதித் தருவதில்லை. அதனால் உங்கள் இரண்டாவது கேமை இந்த வாரமே இறக்கிவிடுங்கள். 80 ஜிபி கேம் என்றால், உங்கள் ஊரில் பத்து எம்பிபிஎஸ் வேகம் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இறக்கிய பிறகு இன்னும் ஒரு வேலை இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கன்சோலின் கணக்கு அமைப்பில் Activate as Your Primary PS4 என்பதைப் போட்டு வையுங்கள். அப்போதுதான் இணையம் இல்லாவிட்டாலும் உங்கள் உரிமத்தைக் கன்சோல் ஒப்புக்கொள்ளும். போட்டபின் வைஃபையை அணைத்துவிட்டு அந்த கேமைத் திறந்து பாருங்கள். மெனுவுக்குள் போய் ஒரு ரேஸ் ஓடினால் அது தன் காலில் நிற்கிற கேம்.

டிஸ்க்கில் இருப்பதும் இல்லாததும்

இதே சோதனையை 2019-ல் செய்திருந்தால் உங்கள் முதல் கேம் என்ன வகை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். டிஸ்க்கில் சாலைகள், கார்கள், சத்தம், படம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் உங்கள் கராஜில் என்ன கார் நிற்கிறது, எவ்வளவு காசு சேர்த்தீர்கள், எந்த ரேஸ் திறந்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் கம்பெனியின் சர்வரில் இருந்திருக்கிறது. கேமைத் திறந்தவுடன் அது சர்வரைக் கூப்பிடும். பதில் வந்தால்தான் மெனு. பதில் வராததால்தான் உங்களுக்கு லோகோவோடு நிற்கிறது. வயல் உங்களுடையது, மடை உங்களுடையது, ஆனால் தண்ணீர் மேட்டூரிலிருந்து வரவேண்டும் என்கிற மாதிரி. யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து டிஸ்க்கை அணைக்கவில்லை, மேலே ஷட்டரை இறக்கிவிட்டார்கள். உங்கள் இரண்டாவது கேம் போர்வெல் போட்ட கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. யூபிசாஃப்ட் கம்பெனியின் 'தி க்ரூ' என்ற கார் கேம் 2014 டிசம்பரில் வந்தது. தனியாக ஆடினாலும் இணையம் வேண்டும் என்ற அமைப்பு. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அத்தோடு சரி. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டம் கேட்டு அவர்கள் தொடங்கிய கையெழுத்து மனு 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. காலம் முழுக்க சர்வரை ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவன் ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள்.

அது நடக்கக்கூடியதுதானா? அந்தச் சத்தத்துக்குப் பிறகு 2024 செப்டம்பரில், அடுத்த பாகமான 'தி க்ரூ 2'-க்கு இணையமில்லாமல் ஆடும் வசதி தருவதாக அதே கம்பெனி அறிவித்தது, 2025 அக்டோபரில் தரவும் செய்தது. 'நாக்கவுட் சிட்டி' என்ற கேமை 2023 ஜூனில் மூடியவர்கள், ஆட்டக்காரர்களே சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும்படி கம்ப்யூட்டருக்கு ஒரு பதிப்பை விட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே கம்பெனி உங்களுக்கு "தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை" என்று ஒற்றை வரியில் பதில் எழுதினால் அதை அப்படியே விழுங்க வேண்டாம். செலவு செய்ய மனமில்லை என்பதற்கும் அதே வரியைத்தான் எழுதுவார்கள்.

வாங்கியது என்ன?

இப்போது சட்டம். நீங்கள் விலை கொடுத்து வாங்கியதில் பிளாஸ்டிக் தட்டு உங்கள் சொத்து. அதில் உள்ள மென்பொருளை ஆடிப் பார்க்கும் உரிமம் மட்டும் கிடைத்திருக்கிறது. முதல் தடவை போட்டபோது நீளமாக ஓடிய ஆங்கில நிபந்தனைகளில் "ஒப்புக்கொள்கிறேன்" அழுத்தினீர்களே, சேவையை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற வரி அங்கேதான் இருக்கும்.

நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். குத்தகை நிலம் எத்தனை தலைமுறை உழுதாலும் பட்டா வேறு பெயரில்தான். ஆனால் 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் சட்டமும் வந்த பிறகு, நிலச்சொந்தக்காரர் நினைத்த மாத்திரத்தில் வெளியேறு என்று சொல்ல முடியாமல் போனது. கேம் வாங்குகிறவர்கள் இன்னும் 1952-க்கு முந்திய குத்தகைக்காரர் நிலையில்தான் நிற்கிறார்கள். சர்வரை மூடாதே என்று கம்பெனியைக் கட்டிப்போடும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அதை எதிர்பார்த்து வழக்குப் போட்டால் தோற்பீர்கள்.

கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டும் தருகிற கடை, அதைச் சொல்லாமல் "வாங்கு" என்ற பொத்தானை வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையில் பணம் கட்டும் இடத்தில் இது உரிமம்தான் என்று ஒரு வரி தெரிவது அதன் விளைவு. வாங்குகிறவருக்கு நல்லது என்று எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கறிஞராக எனக்கு அதில் ஒரு கசப்பு உண்டு. அந்த வரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டியவர், எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. அறிவிப்புப் பலகை விற்பவரையும் காப்பாற்றும்.

எது நிற்கும், எது நிற்காது

உங்கள் இரண்டு செலவுகளையும் பிரித்துப் பாருங்கள். நான் மனு எழுதினால் டிஸ்க்கைப் பின்னால் தள்ளி, 1,499 ரூபாய் பேக்கை முன்னால் வைப்பேன். டிஸ்க்கை ஆறு வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியே "ஞாயிறுதோறும் ஆடினீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். ஆமாம் என்பீர்கள், அதோடு அந்த 2,499 ரூபாயில் பெரும்பகுதி கரைந்துவிடும். டிஸ்க் உறையை எடுத்துப் பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் பாருங்கள். இணையத் தொடர்பு கட்டாயம் என்றும், அறிவிப்புக் கொடுத்துச் சேவையை நிறுத்தலாம் என்றும் இருந்தால் இன்னும் பலவீனம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அந்த உறையே உங்கள் முதல் சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பேக் விஷயம் வேறு. நாற்பது நாளில் மூடல் அறிவிப்பு வெளியிட்ட கம்பெனிக்கு, தீபாவளி ஆஃபரில் உங்களிடம் பணம் வாங்கிய அன்று அது தெரியாதா? ஒரு கேமை மூடும் முடிவை ஒரே ராத்திரியில் எடுக்க மாட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சேவைக் குறைபாடு என்பதற்குள் ஒன்றைத் தெளிவாகச் சேர்த்திருக்கிறது: வாங்குபவருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பது. உங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் இதுதான். மூடியது தப்பு என்று வாதாடாதீர்கள், மூடப்போவதை மறைத்து விற்றது தப்பு என்று வாதாடுங்கள். எப்போது முடிவெடுத்தீர்கள் என்பதற்கான ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி நுகர்வோர் ஆணையத்திடம் கேட்கலாம். பிரிவு 38(9) அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

ஒப்பிட்டுக் காட்ட நல்ல உதாரணமும் இருக்கிறது. சோனி 'கான்கார்ட்' என்ற கேமை 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியிட்டு, செப்டம்பர் 6-ல் மூடியபோது வாங்கியவர்களுக்கு முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. கூகுள் தன் 'ஸ்டேடியா' சேவையை 2023 ஜனவரியில் மூடியபோதும் தன் கடையில் வாங்கிய கேம்களின் பணத்தைத் திருப்பியது. இவை தீர்ப்புகள் இல்லை, ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்தத் தொழிலில் இப்படிச் செய்ய முடியும், செய்திருக்கிறார்கள் என்று காட்ட உதவும்.

அடுத்து ஒரு நுணுக்கம், இதில் பல மனுக்கள் வழுக்கி விழுகின்றன. காரணமில்லாமல் ஒருதலையாக ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று பிரிவு 2(46) சொல்கிறது. படித்தவுடன், இது நம்முடையதுதானே என்று தோன்றும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, தொகை எவ்வளவு சின்னதானாலும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 1,499 ரூபாய்க்காக நீங்கள் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. அதனால் மனுவில் அந்த வார்த்தையைத் தொடாமல், சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருவாரூர் மாவட்ட ஆணையத்திலேயே முடியும்.

வழக்கு வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான், நடுவர் மூலம்தான் என்றெல்லாம் நிபந்தனையில் எழுதியிருக்குமே என்று பயப்பட வேண்டாம். நடுவர் நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கும் உரிமையைப் பிரிவு 34 தருகிறது.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது

வக்கீல் வேண்டாம். நீங்களே மனு போடலாம், நீங்களே பேசலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. e-Jagriti என்ற நுகர்வோர் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொளியில் ஆஜராக அனுமதியும் கேட்கலாம். மூடிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. குறுவை வேலை முடித்துவிட்டுக்கூடச் செய்யலாம், ஆனால் மெயில்களும் ஸ்கிரீன்ஷாட்களும் அதற்குள் காணாமல் போகும். சேகரிக்கும் வேலையை மட்டும் இன்றைக்கே தொடங்குங்கள்.

முதலில் போனில் ஒரு வீடியோ எடுங்கள். டிஸ்க்கைக் கன்சோலுக்குள் போடுவதிலிருந்து அந்தப் பிழைச் செய்தி வரும்வரை, நடுவில் வெட்டாமல், ஒரே ஓட்டமாக. கன்சோலில் இணையம் வேலை செய்கிறது என்பதும் அதில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வைஃபை கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் பேக் வாங்கிய ரசீது மெயில், மூடல் அறிவிப்பு மெயில் இரண்டையும் தேதி தெரியும்படி பிரதி எடுங்கள். இந்த மின்னணு ஆவணங்களோடு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றும் இணைப்பது நல்லது.

பிறகு, பணம் வாங்கிய ஸ்டோரின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும், இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைக்கும் பொருந்தும். 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கடிதம் சின்னதாக இருக்கட்டும்: இந்தத் தேதி வாங்கினேன், இந்தத் தேதி அறிவித்தீர்கள், வாங்கும் பக்கத்தில் இதைச் சொல்லவில்லை, பணத்தைத் திருப்புங்கள். கோபத்தை அதில் கொட்டாதீர்கள், பின்னால் ஆணையம் படிக்கப்போகிற கடிதம் அது. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். என் அனுபவத்தில் இவ்வளவு சிறிய தொகைகள் இந்த இரண்டு படியிலேயே முடிந்துவிடுவதுண்டு, 1,499 ரூபாய்க்காக ஆஜராக வக்கீல் அனுப்புவது அவர்களுக்கும் கட்டுப்படியாகாது.

அங்கே முடியாவிட்டால் மனு. பேக்கின் முழு விலை, டிஸ்க் விலையில் ஒரு பகுதி, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சில ஆயிரம் என்று கேளுங்கள். ஐந்து லட்சம் நஷ்டஈடு என்று எழுதினால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் போகும். எதிர்த்தரப்பாக ரசீதில் பெயர் உள்ள நிறுவனத்தைச் சேருங்கள். அது வெளிநாட்டு முகவரியாக இருந்தால் நோட்டீஸ் சேரவே மாதக்கணக்கில் இழுக்கும், தீர்ப்பு வந்தாலும் வசூலிப்பது கஷ்டம். இதை மறைத்து உங்களை வழக்குக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. கும்பகோணம் கடைக்காரரை இதில் இழுக்காதீர்கள். 2019-ல் ஓடுகிற கேமைத்தான் அவர் விற்றார்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். பேங்கில் போய், இந்த 1,499 ரூபாய் பரிவர்த்தனையை நான் ஏற்கவில்லை என்று தகராறு எழுப்பாதீர்கள். பணம் திரும்பலாம், ஆனால் அப்படித் திருப்பினால் ஸ்டோர் உங்கள் கணக்கையே முடக்கிவிடும் அபாயம் உண்டு. முடங்கினால் இன்றைக்கு நல்லபடி இருக்கும் அந்த இரண்டாவது கேமும் சேர்ந்து போகும். போன வருடம் என்னிடம் வந்த ஒருவர், ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை மீட்கப் போய் முப்பது கேம் இருந்த கணக்கை இழந்திருந்தார்.

நண்பர் சொல்லும் ஜெயில்பிரேக்

உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஆனால் அவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறார். ஜெயில்பிரேக் செய்வதால் கன்சோலின் பூட்டு உடையும், மூடிய சர்வர் திறக்காது. உங்கள் கேமின் கணக்குவழக்கெல்லாம் இருந்த அந்த சர்வரைப் போல இன்னொன்றை யாராவது உருவாக்கியிருந்தால்தான் கேம் ஓடும். 'தி க்ரூ'-வுக்கு ரசிகர்கள் அப்படி ஒன்றை உருவாக்கினார்கள், அதுவும் கம்ப்யூட்டர் பதிப்புக்குத்தான். உங்கள் கேமுக்கு அப்படி ஏதும் இல்லாத பட்சத்தில், பூட்டை உடைத்த பிறகும் அதே லோகோதான் பார்ப்பீர்கள்.

சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(aa) இடம் தருகிறது. பூட்டை உடைப்பதைப் பிரிவு 65A குற்றமாக்குகிறது, இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் அது உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு. சொந்த டிஸ்க்கை ஆடுவதற்காகவே உடைத்தேன் என்று வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்தை முதல் ஆளாகப் போய்ச் சோதித்துப் பார்க்க நான் உங்களை அனுப்ப மாட்டேன். உடைத்த கன்சோலில் வழக்கமாக அடுத்து நடப்பது இன்னும் மோசம். நண்பர் ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து நூறு கேம் ஏற்றித் தருவார். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பிரிவு 63B வரும். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் சிறை இல்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம் என்பதுதான் அதில் உள்ள ஒரே ஆறுதல். உடைத்த கன்சோலோடு இணையத்தில் நுழைந்தால் கணக்கும் தடைபடும்.

பில் விஷயம்

டிஸ்க் பில் தொலைந்தது பெரிய இடி ஒன்றும் இல்லை. கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் பேங்க் பாஸ்புக்கில் 2019-ம் ஆண்டுப் பக்கத்தில் கடையின் பெயரும் தொகையும் இருக்கும், பேங்கில் கேட்டால் பழைய ஸ்டேட்மென்ட் எடுத்துத் தருவார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் மேல் வழக்குப் போடவில்லை, கம்பெனிக்கு எழுதுவதற்குப் பில் நகல் மட்டும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுக்கத் தயங்க மாட்டார். அவரிடமும் இல்லையென்றால் டிஸ்க்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ரசீது மெயிலில் இருக்கும் பேக்கை மட்டும் வைத்துப் புகாரை அனுப்புங்கள்.